அந்தப் பதினைந்து ஆண்டா, சதவீதமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கைபேசியில் சொத்துப் பதிவேட்டுப் படங்கள் வந்து விழத் தொடங்கும். சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பது என் தொழில். பல இடங்களில் அன்றாட வரவு செலவு கணினிக்குப் போய்விட்டது. ஆனால் சொத்துப் பதிவேடு மட்டும் இன்னும் நீள நோட்டில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை திறக்கிற நோட்டு என்பதால் அதை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. திறக்கிற அந்த ஒரு நாளில் பக்கத்தைப் படம் பிடித்து, "இந்த வருஷத் தேய்மானத்தைப் போட்டுருங்க சார்" என்று ஒரு வரியோடு அனுப்பிவிடுவார்கள்.

சிவகாசியில் ஓர் அச்சகத்திலிருந்து அப்படி வந்த ஒரு படத்தை வைத்தே இதை எழுதுகிறேன். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை மட்டும் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். அது ஒரு சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. படத்தில் நோட்டின் நடு மடிப்பு நிழலாக விழுந்திருந்தது. பக்கத்தின் தலைப்பு வரிசை மேலே வெட்டுப்பட்டிருந்தது. வலது ஓரமும் முழுதாக வரவில்லை. நீல மசியில் நான்காவது வரிசை இப்படி இருந்தது: பேப்பர் கட்டிங் மிஷின், அடுத்து ஒரு தேதி, அடுத்து 6,00,000, அடுத்து வெறும் 15, அதன் பின் 18,9 என்று தொடங்கி நிழலில் மறையும் ஒரு தொகை, கடைசியாக 38,000, 38,000 என்று இரண்டு முறை. தேதியின் முதல் இலக்கம் 1 போலவும் இருந்தது, 7 போலவும் இருந்தது. மாதமும் ஆண்டும் 10-22 என்று தெளிவாகத் தெரிந்தன.

இந்த ஒரு வரிசைக்கு 2025-26ஆம் ஆண்டின் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் தெரிய வேண்டியது அந்த 15 எதைச் சொல்கிறது என்பது. 15 ஆண்டு என்றால் ஒரு கணக்கு, 15 சதவீதம் என்றால் முற்றிலும் வேறு கணக்கு. தலைப்பு வரிசை படத்தில் இல்லாததால் எண் மட்டும் நிற்கிறது, அதன் பொருள் இல்லை. அச்சக இயந்திரத்தைப் பொறுத்தவரை இரண்டுமே நடைமுறையில் உள்ள எண்கள் என்பதுதான் சிக்கல். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், இரண்டாம் அட்டவணையில், பொதுவான இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் காலம் 15 ஆண்டு என்கிறது. வருமான வரிக் கணக்கிலோ பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மான விகிதம் 15 சதவீதம்.

தேய்மானம் என்பதன் அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஆறு லட்சம் கொடுத்து வாங்கிய இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். அந்த ஆறு லட்சத்தையும் வாங்கிய ஆண்டின் செலவாக எழுதினால் அந்த ஆண்டு பொய்யான நஷ்டம் தெரியும், அடுத்த ஆண்டுகளில் பொய்யான லாபம் தெரியும். எனவே உழைக்கும் காலம் முழுவதும் அந்தச் செலவைப் பிரித்து எழுதுகிறோம். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தேய்மானம் செலவைப் பங்கிடும் முறையே தவிர, சந்தை விலையைக் கணிக்கும் முறை அல்ல.

பங்கிடுவதில் எளியது நேர்க்கோட்டு முறை. அடக்கவிலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்து, மீதியைப் பயன்பாட்டுக் காலத்தால் வகுக்க வேண்டும். இறுதி மதிப்பு என்பது காலம் முடிந்த பிறகும் அந்தப் பொருளுக்கு இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளும் தொகை. கம்பெனிகளுக்கு அது சாதாரணமாக அடக்கவிலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் கட்டிங் மிஷினுக்கு 5 சதவீதம் என்றால் 30,000 ரூபாய். மீதி 5,70,000. அதை 15 ஆண்டுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 38,000. பதிவேட்டில் இரண்டு முறை எழுதியிருக்கும் தொகையும் அதுவே.

அடக்கவிலை என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். லாரி வாடகை, இறக்குக் கூலி, இயந்திரத்தை நிறுத்தி ஓட்டிப் பார்த்த செலவு எல்லாம் அடக்கவிலையில் சேரும். ஆனால் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. ஒரே வரியை அங்கே ஒரு முறையும் தேய்மானமாக இங்கே ஒரு முறையும் எடுக்கச் சட்டம் இடம் தராது. பதிவேட்டில் 7,08,000 என்பது போன்ற ஒரு தொகையைக் கண்டால் நான் உடனே 1.18ஆல் வகுத்துப் பார்ப்பேன். முழு எண்ணாக 6,00,000 வந்து நின்றால், பில்லின் அடித்தொகையை வரியோடு அப்படியே எழுதிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு பில்லைக் கேட்பேன். இந்த வரிசையில் 6,00,000 என்றே இருந்தது. பில்லோடும் அது ஒத்துப்போனது.

இரண்டாவது, குறைந்துசெல் மதிப்பு முறை. ஆடிட்டர் அலுவலகங்களில் டபிள்யூடிவி என்பார்கள். இதில் தொகை நிலையாக இருக்காது, விகிதம்தான் நிலையாக இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் ஏட்டில் மீந்திருக்கும் மதிப்பின் மேல் அந்த விகிதத்தைப் போட வேண்டும். மதிப்பு ஆண்டுதோறும் சுருங்குவதால் தேய்மானமும் சுருங்கும்.

அந்த விகிதம் எங்கிருந்து வருகிறது? 15 ஆண்டு என்பதால் 100ஐ 15ஆல் வகுத்து 6.67 சதவீதம் என்று போடுகிறவர்கள் உண்டு. அது தவறு. சுருங்கிக்கொண்டே போகும் மதிப்பின் மேல் 6.67 சதவீதம் போட்டால் 15 ஆண்டு முடிவிலும் இயந்திரத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏட்டிலேயே தங்கிவிடும். ஆறு லட்சம் 15 ஆண்டில் சரியாக 30,000 ரூபாயில் வந்து நிற்க என்ன விகிதம் தேவையோ, அதுதான் சரியான விகிதம். இறுதி மதிப்பை அடக்கவிலையால் வகுத்து, அதற்குப் பதினைந்தாம் மூலம் எடுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். கணினித் தாளில் இரண்டு முறைகளுக்கும் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
=SLN(600000,30000,15)
=1-(30000/600000)^(1/15)
```

முதல் வரி 38,000 என்று காட்டும். இரண்டாவது வரி 0.181, அதாவது 18.10 சதவீதம் என்று காட்டும்.

ஆண்டின் முதல் நாளிலேயே வாங்கியதாக வைத்துக்கொண்டால், குறைந்துசெல் முறையில் முதலாண்டுத் தேய்மானம் 1,08,600. நேர்க்கோட்டின் 38,000க்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆறாம் ஆண்டு வரை இது 38,000க்கு மேலேயே இருக்கும். ஏழாம் ஆண்டில் 32,774 ஆகி நேர்க்கோட்டுக்குக் கீழே இறங்கும். பதினைந்தாம் ஆண்டில் ஏறக்குறைய 6,634தான். இரண்டு முறையிலும் மொத்தமாகக் கழிவது அதே 5,70,000தான். எப்போது கழிகிறது என்பதில்தான் வேறுபாடு. புதிதில் நன்றாக உழைத்து, பழசாகப் பழசாகப் பழுதுச் செலவு ஏறும் இயந்திரத்துக்குக் குறைந்துசெல் முறை பொருத்தம் என்பது என் கருத்து. தேய்மானம் இறங்கும்போது பழுதுச் செலவு ஏறி, இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு ஓரளவு சமமாக நிற்கும். மேசை, அலமாரி போன்றவற்றுக்கு நேர்க்கோடே போதும்.

குறைந்துசெல் முறையில் இறுதி மதிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நேர்க்கோட்டில் 30,000க்குப் பதில் ஒரு ரூபாய் என்று போட்டால் ஆண்டுத் தேய்மானம் 38,000லிருந்து ஏறக்குறைய 40,000 ஆகும். பெரிய மாற்றம் இல்லை. குறைந்துசெல் முறையில் அதே ஒரு ரூபாயைப் போட்டால் விகிதம் 18.10லிருந்து 58.8 சதவீதத்துக்குத் தாவிவிடும். முதலாண்டிலேயே மூன்றரை லட்சத்துக்கு மேல் போய்விடும். பூஜ்யம் என்று போட்டால் விகிதம் 100 சதவீதம் ஆகி முதலாண்டிலேயே எல்லாம் முடிந்துவிடும். "காயலான் கடைக்குத்தானே போகும், ஒரு ரூபாய்னு போட்டு வைப்போம்" என்று பதிவேட்டில் எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நேர்க்கோட்டில் அதனால் பெரிய கேடு வராது. குறைந்துசெல் முறையில் அந்த ஒரு ரூபாய் கணக்கையே கவிழ்த்துவிடும்.

இனி படத்துக்குத் திரும்புவோம். ஆண்டின் நடுவே வாங்கிய சொத்துக்கு, கம்பெனிகள் சட்டப்படி, அந்த ஆண்டில் மிஞ்சிய நாட்களுக்கு மட்டுமே தேய்மானம். 2022 அக்டோபர் 1ஆம் தேதி என்றால் மார்ச் 31 வரை 182 நாள். 7ஆம் தேதி என்றால் 176 நாள். நேர்க்கோட்டில் முதல் தேதிக்கு 38,000ஐ 182ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 18,948. ஏழாம் தேதிக்கு 18,323. குறைந்துசெல் முறையாக இருந்தால், அக்டோபர் 1க்கு, 1,08,600இன் அதே பங்கு 54,151. அந்த 15 சதவீதமாக இருந்து, வருமான வரிக் கணக்கை அப்படியே ஏட்டில் எழுதியிருந்தால் 90,000 அல்லது 45,000.

ஆக, ஒரே வரிசையைப் பல விதமாக வாசிக்கலாம். அவை தரும் முதலாண்டுத் தொகைகள் ஒன்றுக்கொன்று வேறு. நிழலில் பாதி மறைந்த எண் 18,9 என்று தொடங்கியது. அதற்கு மேல் படிக்க வேண்டிய தேவையே இல்லை. 18,948 மட்டுமே அப்படித் தொடங்கும். முறை நேர்க்கோடு, 15 என்பது ஆண்டு, தேதி அக்டோபர் 1. மூன்று கேள்விகளுக்கும் அந்த அரை எண்ணே பதில் சொல்லிவிட்டது.

படத்திலிருந்து தேய்மானம் போடும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். இந்த ஆண்டின் கணக்கைத் தொடங்கும் முன், போன ஆண்டுகளின் தொகைகளை நானே மீண்டும் போட்டுப் பார்ப்பேன். படத்தில் இருப்பது வந்துவிட்டால் நான் சரியாக வாசித்திருக்கிறேன் என்று பொருள். வராவிட்டால் என் வாசிப்பில் பிழை, அல்லது முன்பு எழுதியவர் கணக்கில் பிழை. எதுவானாலும் அதைத் தீர்க்காமல் மேலே போகக் கூடாது.

முறையைக் கண்டுபிடிக்க அடுத்தடுத்த இரண்டு முழு ஆண்டுகளின் தொகைகள் போதும். இரண்டும் சமம் என்றால் நேர்க்கோடு. சமமில்லை என்றால் பின்னதை முன்னதால் வகுத்துப் பார்க்க வேண்டும். நம் இயந்திரத்துக்குக் குறைந்துசெல் முறையில் 2023-24இல் 98,799ம் 2024-25இல் 80,916ம் வந்திருக்கும். வகுத்தால் 0.819. ஒன்றிலிருந்து கழித்தால் 0.181. விகிதம் கையில் வந்துவிட்டது. வாங்கிய ஆண்டின் தொகையை இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. அது முழு ஆண்டுக்கானது அல்ல என்பதால் தவறான விகிதத்தையே காட்டும்.

தேதியில் 1க்கும் 7க்கும் உள்ள வேறுபாடு கம்பெனி ஏட்டில் 625 ரூபாய்தான். அதற்காகவா இவ்வளவு மெனக்கெடல் என்று தோன்றலாம். வருமான வரிக் கணக்குக்கு அதே தேதியை எடுத்துப் போகும்போதுதான் அதன் கனம் தெரியும். அங்கே நாள் கணக்கில் பங்கு பிரிப்பதில்லை. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய சொத்துக்கு அந்த ஆண்டு பாதி விகிதம், மற்றவற்றுக்கு முழு விகிதம். 2022-23இல் அந்த எல்லை அக்டோபர் 3ஆம் தேதி. அன்று ஓடத் தொடங்கியிருந்தால் சரியாக 180 நாள். நான்காம் தேதி என்றால் 179. எனவே 1 என்று வாசித்தால் 90,000, 7 என்று வாசித்தால் 45,000. கையெழுத்தில் ஒரு சின்னக் கொம்பு இருக்கிறதா இல்லையா என்பதில் அரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான கழிவு நிற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது பில் தேதியையும் அல்ல, இயந்திரம் ஓடத் தொடங்கிய தேதியை. செப்டம்பரில் பில் போட்டு, ஆயுத பூஜை அன்று பூசை வைத்து ஓட்டத் தொடங்கும் அச்சகங்கள் நிறைய. பதிவேட்டில் இருப்பது எந்தத் தேதி என்று கேட்டே தீர வேண்டும். உற்பத்தியாளருக்குக் கிடைக்கக்கூடிய கூடுதல் தேய்மானத்தை இந்த எண்களில் நான் சேர்க்கவில்லை.

வருமான வரிக் கணக்கில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அங்கே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மதிப்பு கிடையாது. ஒரே விகிதமுள்ள சொத்துகள் எல்லாம் ஒரே தொகுதி. தொகுதியின் மொத்த மதிப்பின் மேல்தான் விகிதம். தனி உரிமையாளரும் கூட்டு வணிகமும் கம்பெனிகள் சட்டத்துக்குள் வராததால், அவர்களில் பலர் வருமான வரி விகிதத்தையே ஏட்டிலும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் படத்தில் 15 என்று இருந்தால் அது பெரும்பாலும் சதவீதம். கம்பெனியிடமிருந்து வந்தால் ஆண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். யாருடைய பதிவேடு என்று தெரியாமல் படத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்த வரிசை அலுவலகக் கணினிகள். 1-4-2022, 96,000, பயன்பாட்டுக் காலம் 3 ஆண்டு. இறுதி மதிப்பு 4,800. ஆண்டுக்கு 30,400 வீதம் மூன்று ஆண்டு கழிந்து, 31-3-2025 அன்று ஏட்டில் 4,800 மட்டும் நிற்கிறது. 2025-26இல் இதற்குத் தேய்மானம் இல்லை. கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், தினமும் அதில்தான் பில் போடுகிறார்களாக இருக்கலாம். ஆனாலும் இல்லை. படத்திலிருந்து எண்களைத் தாளில் ஏற்றி, மேல் வரிசையின் சூத்திரத்தை இழுத்துவிடும்போது இங்கேதான் விபத்து நடக்கிறது. சூத்திரத்துக்குக் காலம் முடிந்தது தெரியாது. நான்காம் ஆண்டும் 30,400 கழித்து, மதிப்பை 25,600 ரூபாய் பள்ளத்தில் இறக்கிவிடும். ஏட்டு மதிப்பில் கழித்தல் குறி தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. நான் ஒவ்வொரு வரிசையிலும், கணக்கிட்ட தேய்மானத்தையும் இறுதி மதிப்புக்கு மேல் ஏட்டில் மீந்திருப்பதையும் ஒப்பிட்டு, எது சிறியதோ அதை எடுக்கும்படி வைத்திருக்கிறேன்.

இதே கணினிகளுக்குக் குறைந்துசெல் முறையில் விகிதம் 63.16 சதவீதம். 96,000 முதலாண்டில் 35,366 ஆகி, அடுத்து 13,029 ஆகி, மூன்றாம் ஆண்டு முடிவில் அதே 4,800இல் வந்து சேரும். இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் முடிவதைக் காண இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கையால் போடச் சொல்வேன்.

ஆறாவது வரிசை அலமாரி, மேசை, நாற்காலிகள். அடக்கவிலையை நான் 1,80,000 என்று வாசித்தேன். பக்கத்தில் உள்ள ஆறு வரிசைகளையும் கூட்டினால், அடியில் எழுதியிருந்த மொத்தத்தைவிட என் கூட்டல் சரியாக 50,000 அதிகம் வந்தது. வித்தியாசம் 50,000 என்றால் பத்தாயிரம் இடத்தில் ஏதோ ஓர் இலக்கத்தை ஐந்து கூட்டி வாசித்திருக்கிறேன். கையெழுத்தில் அப்படிக் குழப்பும் சோடி 3ம் 8ம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றின் இடப்பக்கத்தை மடிப்பு நிழல் மூடி எட்டாக்கியிருந்தது. தேய்மானப் பத்தியும் அதையே சொன்னது. பத்தாண்டுப் பயன்பாட்டுக் காலத்தில் ஆண்டுக்கு 12,350 என்று எழுதியிருந்தது. 1,30,000க்குத்தான் அந்தத் தொகை வரும். 1,80,000 என்றால் 17,100 வந்திருக்க வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது பழைய கணக்கப்பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தது. படத்தைப் பார்த்துத் தட்டும் இந்தக் காலத்திலும் அது அப்படியே உதவுகிறது.

இப்படி ஓர் இலக்கம் பிழையாகிவிட்டால், பிடிபடாத பட்சத்தில், இரண்டு முறைகளிலும் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. நேர்க்கோட்டில் அதே பிழை ஆண்டுதோறும் அதே அளவில் திரும்ப வரும். குறைந்துசெல் முறையில் முதலில் பெரிதாக இருந்து வரவரச் சிறுத்துப் போகும். அதனால் அங்கே நாள் கழித்துத் தேடினால் கண்டுபிடிப்பது கடினம். ஏற்றிய அன்றே பக்கத்து மொத்தத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.

படம் எடுப்பவரிடம் நான் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். நோட்டைச் சன்னல் பக்கம் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் வரிசைகள் வளைந்து, ஒரு வரியின் தொகையை அடுத்த வரியோடு சேர்த்து வாசிக்க நேரும். தலைப்பு வரிசையும் அடித்தொகையும் நான்கு ஓரங்களும் படத்துக்குள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். இதில் எது தவறினாலும் எப்படியோ சமாளித்துவிடலாம், ஓரம் வெட்டுப்படுவதைத் தவிர. எண்ணை வேறு எண்ணிலிருந்து மீட்கலாம். எழுத்தில் இருக்கும் குறிப்பை மீட்க வழியே இல்லை.

மூன்று வரிசைகளுக்கும் 2025-26க்கு 38,000, பூஜ்யம், 12,350 என்று போட்டு முடித்துவிட்டு அச்சக உரிமையாளரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, வலது ஓரம் விழலையே. கடைசிப் பத்தியில ஏதாவது எழுதியிருக்கா?"

"குறிப்புன்னு ஒரு பத்தி இருக்கு சார். அதுல என்ன இருந்துறப் போகுது? இருங்க, எடுத்து அனுப்புறேன்."

ஐந்து நிமிடத்தில் இரண்டாவது படம் வந்தது. கட்டிங் மிஷினுக்கு நேராகச் சிவப்பு மசியில், சின்ன எழுத்தில், "1-9 முதல் 30-11 வரை 2 ஷிப்ட்" என்று இருந்தது. காலண்டர் சீசன். இரவும் பகலும் தாள் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாம் அட்டவணைப்படி, இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூட வேண்டும். மூன்று ஷிப்ட் என்றால் 100 சதவீதம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் சேர்ந்து 91 நாள். 38,000இல் 91 நாளுக்கான பங்கு 9,474. அதில் பாதி 4,737. ஆக இந்த ஆண்டுக்கு 38,000 அல்ல, 42,737. ஆண்டுத் தொடக்கத்தில் 5,05,052 ஆக இருந்த ஏட்டு மதிப்பு 4,62,315 ஆக இறங்க வேண்டும்.

அப்போதுதான் அந்த இரண்டு 38,000களும் என்னை உறுத்தத் தொடங்கின. எண்கள் சரியாகக் கூடுகின்றன என்று அவற்றை நம்பி மேலே வந்துவிட்டேன். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் சீசன் இருந்திருக்குமே.

"அண்ணாச்சி, போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் சீசன்ல ரெண்டு ஷிப்ட் ஓட்டுனீங்களா?"

"வருஷா வருஷம் ஓட்டுறதுதான் சார். இந்த வருஷம் நோட்டு எழுதுற பையன் புதுசு. அவன்தான் விவரமா குறிச்சு வச்சிருக்கான்."

"அப்ப கூலிப் பதிவேடு வேணும். எந்த மாசம் எத்தனை நாள் ராத்திரி ஆள் வந்தாங்கன்னு அதுல இருக்கும். முந்தின வருஷங்கள்ல விட்டுப்போனதை இந்த வருஷக் கணக்குல தனியாக் காட்டணும்."

"மூணு நோட்டு இருக்கு சார். போட்டோ எடுத்து அனுப்பிரவா?"

"வேண்டாம். எடுத்து வைங்க, நாளைக்கு நானே வந்து பார்க்குறேன்."